இருப்புக் கட்டம்

உலகத்தில் இதுவரை ஏழைகள் இருந்ததற்கு ஒரே காரணம், அவர்களிடம் ஸ்ப்ரெட்ஷீட் இல்லாததுதான். இதை டைல்ஸ் கிடங்கின் மேற்பார்வையாளர், சாப்பாட்டு மேசையில் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவிக்கும் மாமனாருக்கும் அறிவித்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பேசும் ஆள் இல்லை. அவர் பேசினால்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"அப்ப நம்ம வீட்டுல இன்னையோட ஏழ்மை ஒழிஞ்சுது," என்றார் மாமனார், முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே.

"ஒழியும் மாமா. பாத்துட்டே இருங்க."

விஷயம் இதுதான். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கடைத்தெருவில் இருக்கும் சீருடைக் கடைக்காரர் அவளுக்கு மாதாமாதம் இருநூறு சட்டை தரத் தயார். ஆனால் ஓரம் பிரியாமல் அடிக்க ஓவர்லாக் மெஷின் வேண்டும். தையல் மெஷின் மெக்கானிக்கிடம் பழைய மெஷின் ஒன்று எட்டாயிரத்துக்கு இருந்தது. மாதக் கடைசிவரை யாருக்கும் தராமல் வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி கேட்டது ஒரே கேள்வி: ஒன்றாம் தேதி வாடகை ஒன்பதாயிரத்தில் கை வைக்காமல் அதை வாங்க முடியுமா? சம்பளம் ஏழாம் தேதிதான் வரும்.

"முடியுமா முடியாதான்னு நான் சொல்லக்கூடாது, நீ சொல்லக்கூடாது. இருப்புக் கட்டம் சொல்லணும்," என்றார் மேற்பார்வையாளர்.

ஏழாம் தேதி சம்பளம் வாங்கிய கையோடு வேலை ஆரம்பமானது. தேதி, விவரம், வகை, வரவு, செலவு, இருப்பு என்று ஆறு வரிசைகள். முதல் வரியில் கையிருப்பு ஆயிரத்து ஐந்நூறு. அடுத்த வரியிலிருந்து சூத்திரம்: மேல் வரி இருப்போடு இந்த வரி வரவைக் கூட்டு, இந்த வரி செலவைக் கழி. அதைக் கீழே இழுத்துவிட்டால் ஒவ்வொரு வரியிலும் அந்த நேரத்து இருப்பு தானாக வந்து நிற்கும். வகைக்கு ஒரு பட்டியல்: காய்கறி, மருந்து, பெட்ரோல், பில், டீ, தையல் சாமான், இதர. கையால் தட்டக்கூடாது, சொடுக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்துத் தாளில், எந்த வகைக்கு எந்த மாதம் எவ்வளவு என்று தானே கூட்டிச் சொல்லும் ஒரு கட்டம். நேர்மையாகச் சொன்னால், வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் வெளியே இருந்தா நீயே போட்டுடு," என்றார் மனைவியிடம். "அப்புறம், இந்த டப்பா எண்ணுற பழக்கத்தை விடணும்."

வீட்டுப் பணம் முழுவதும் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். மனைவி தினமும் விளக்கேற்றும் நேரத்தில் அதைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டு, நோட்டையும் சில்லறையையும் எண்ணி மூடுவாள்.

"தினம் தினம் எச்சில் தொட்டு எண்ணிட்டு, இது என்ன பஸ் டெப்போவா? கம்ப்யூட்டர் நடக்கிற காலத்துல விரலை நம்பறே. ஷீட் ஒரு நம்பர் சொல்லும், டப்பாவுல அதுதான் இருக்கும். வேற எங்க போகும்?"

"இல்லங்க, எண்ணினா ஒரு தெம்பு."

"தெம்புக்கு டானிக் குடி."

அன்றோடு அவள் எண்ணுவதை விட்டாள். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் சொன்னதை அவள் அப்படியே கேட்ட இரண்டாவது சம்பவம் அது. முதலாவதும் நஷ்டத்தில்தான் முடிந்தது.

மூன்றாம் நாள் மாலை, கிடங்கிலிருந்து வந்து திறந்து பார்த்தார். இருப்பு வரிசையில் பாதிக்குக் கீழே ஒரு எண்ணும் இல்லை. கட்டத்துக்குக் கட்டம் ஹேஷ் குறியும், வேல்யூ என்ற ஆங்கில எழுத்தும், ஆச்சரியக்குறியும் அணிவகுத்து நின்றன.

"என்ன பண்ணினே?"

"தக்காளி வாங்கினேன்."

பிறகும் விசாரித்திருந்தால் பதில் அங்கேயே கிடைத்திருக்கும். ஆனால் மாமனார் பின்னால் வந்து நின்று, "என்ன மாப்பிள்ளை, மெஷினு கத்துதா?" என்று கேட்டுவிட்டார். மாமனார் பார்க்கும்போது தோற்க எந்த மாப்பிள்ளைக்கும் மனசு வராது. இணையத்தில் தேடினார். வெறும் கூட்டல் கழித்தல் குறிகளுக்குப் பதிலாக, வரவையும் செலவையும் கூட்டு (SUM) என்ற சூத்திரத்துக்குள் போட்டுக் கழித்தால் பிழை மறைந்துவிடும் என்று முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். போட்டார். மறைந்தது. வரிசை முழுக்க எண்கள் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன.

"முடிஞ்சுது மாமா. சின்ன கோளாறு."

அது மறைவதற்கான காரணத்தை அந்தப் புண்ணியவானும் எழுதவில்லை, இவரும் கேட்கவில்லை.

இன்னொரு நாள் மனைவி அருகில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, உங்க நம்பரெல்லாம் கட்டத்துல வலது பக்கம் ஒட்டியிருக்கு. நான் போட்டது மட்டும் இடது பக்கம் நிக்குது. கோவிச்சுட்டு நிக்கற மாதிரி."

"அதெல்லாம் அலங்காரம்," என்றார். செலவு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து வலது பக்கம் தள்ளும் பொத்தானை அமுக்கினார். எல்லா எண்களும் ஒரே கோட்டில் வந்தன. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி, மாதக் கணக்கை வாசித்துக் காட்டும் வைபவம் நடந்தது. "காய்கறி, பூஜ்யம். மருந்து, பூஜ்யம். தையல் சாமான், பூஜ்யம். டீ, அறுநூத்தி நாப்பது."

"எனக்கு வலி போயிடுச்சா மாப்பிள்ளை?" மாமனார் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "சொல்லவே இல்ல யாரும்."

"அது வகையில ஏதோ சின்ன கோளாறு மாமா, இந்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன். முக்கியமானது இருப்பு. பதினெட்டாயிரத்து முந்நூத்தி ஐம்பது. எட்டாயிரம் போனா பத்தாயிரத்து முந்நூத்தி ஐம்பது. வாடகை போக ஆயிரத்துச் சில்லறை மிச்சம்." மனைவி பக்கம் திரும்பினார். "போய் மெஷினை எடுத்துட்டு வா."

அவள் டப்பாவை எடுத்தாள். ஐந்நூறு நோட்டாகப் பதினாறை உருவினாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, "டப்பா லேசா இருக்குங்க," என்றாள். "ஒருவாட்டி எண்ணிட்டுப் போறேனே."

"பதினெட்டுல எட்டு போனா லேசாத்தான் இருக்கும். அவர் கடையைச் சாத்திடப் போறார், கிளம்பு."

கிளம்பினாள். அன்று மாலை மெஷின் வந்து ஜன்னலோரம் அமர்ந்தது. மறுநாள் சீருடைக் கடையிலிருந்து வெட்டிய துணி மூட்டை வந்தது. இரண்டு நாளும் வீடு முழுக்க ஒரே கடகட சத்தம். அவள் தைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடினாள். அந்த வீட்டில் வெகுநாளாகக் கேட்காத சத்தம் அது. மாமனார்கூட டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

ஒன்றாம் தேதி காலை, வாடகை எடுக்க டப்பாவைத் திறந்தாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்நூற்றிப் பத்து.

"ஷீட்டுல பத்தாயிரத்து முந்நூத்தி ஐம்பது இருக்கு," என்றார் மேற்பார்வையாளர். திரையைத் திருப்பியும் காட்டினார்.

"அப்ப அந்த ஷீட்டையே வாடகையா குடுத்துடுங்க," என்றார் மாமனார். அவர் குரலில் இந்த முறை கேலி குறைவாகத்தான் இருந்தது.

"யாராவது எடுத்திருப்பாங்களா?"

"யாரு? நானா? அப்பாவா?" என்றாள் மனைவி.

அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அவள் எழுதிய ஒரு கட்டத்தைச் சொடுக்கினார். மேலே, சூத்திரம் தெரியும் இடத்தில், 60/- என்று இருந்தது. அடுத்ததில் 450/-. அதற்கடுத்ததிலும் ஒரு சாய்கோடு, ஒரு சின்னக் கோடு.

"இது என்ன?"

"அப்படித்தானே எழுதணும்? கல்யாணத்துக்கு முன்னாடி மருந்துக்கடையில நான் பில் போட்டப்போ முதலாளி கண்டிப்பாச் சொல்லுவார். கோடு போடலைன்னா பின்னாடி யாராவது ஒரு சைபரைச் சேர்த்துடுவாங்கன்னு."

அவள் போட்ட இருபத்துமூன்று கட்டங்களையும் தேர்ந்தெடுத்தார். வழக்கமாகத் திரையின் அடியில் எத்தனை கட்டம், மொத்தம் எவ்வளவு என்று காட்டும். எண்ணிக்கை இருபத்துமூன்று என்று மட்டும் காட்டியது. மொத்தம் என்ற பேச்சே இல்லை. கோடு சேர்ந்ததால் அத்தனையும் கணினிக்கு எழுத்து, எண்ணே இல்லை. அன்று அது கத்தியது அதற்காகத்தான். அந்த வாயை இவர்தான் அடைத்தார். கூட்டு என்ற சூத்திரம் எழுத்தைக் கண்டால் சண்டை போடாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். மூன்று வாரமாக அவள் வாங்கிய தக்காளி, மருந்து, நூல்கண்டு எல்லாவற்றையும் அது தாண்டிப் போயிருந்தது. அடையாளமாக மிச்சமிருந்தது இடதுபக்கச் சாய்வு ஒன்று. அதையும் நிமிர்த்திவிட்டார்.

தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, சாய்கோட்டையும் சின்னக் கோட்டையும் கொடுத்து, பதிலுக்கு ஒன்றுமில்லை என்று விட்டு, அமுக்கினார். இருபத்துமூன்று மாற்றங்கள் நடந்தன. இருப்பு வரிசை மேலிருந்து கீழே படபடவென்று மாறியது. கடைசிக் கட்டத்தில் 2510 என்று நின்றது.

ஷீட் இப்போது மிகச் சரியாக இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"கடைக்காரர்கிட்ட முன்பணம் கேக்கலாமா?"

"தைச்சுக் குடுத்தப்புறம் இருபதாம் தேதிதான் தருவார். முதல் ஆர்டர். எப்படிக் கேக்கறது?"

"கிடங்குல..."

"போன வருஷம் வாங்கினதே இன்னும் பிடிச்சிட்டு இருக்காங்க."

மாமனார் தன் சட்டைப்பையைத் துழாவி நூற்றிருபதை மேசையில் வைத்தார். மனைவி அதை எடுத்து அவர் பையிலேயே திருப்பி வைத்தாள்.

மெஷினைத் திருப்பித் தரக் கூப்பிட்டதும் மெக்கானிக் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர்; அதனாலேயே முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வித்த சாமானைத் திரும்ப எடுக்கறதில்லைங்க. உங்களுக்காக எடுக்கறேன். ஆறுதான் தர முடியும்," என்றார். மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். பேரம் பேச நினைத்த மாதிரிதான் இருந்தது. "சரிங்க," என்று மட்டும் வந்தது. ஒருபக்கம் அவரும் பிடித்து இறக்கினார். மெஷின் அப்படியொன்றும் கனம் இல்லை. மனைவி தைத்து முடித்த முப்பத்தொரு சட்டையைத் தனியாகவும், மீதித் துணியைத் தனியாகவும் மூட்டை கட்டிக்கொண்டு சீருடைக் கடைக்குக் கிளம்பினாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். "எதுக்கு?" என்றாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே எதற்கு என்று தெரியாமல் கேட்ட மாதிரி இருந்தது.

கீழ்வீட்டு உரிமையாளர் அம்மாளிடம் எட்டாயிரம் கொடுத்தார். "மிச்சம் ஏழாம் தேதி வந்துடணும் தம்பி," என்றாள் அந்த அம்மாள். மாடிக்கு ஏறி வந்தார். ஷீட்டில் மெஷின் திரும்பிய வரவு, வாடகை, இரண்டையும் போட்டார். இருப்பு ஐந்நூற்றிப் பத்து. ஏழாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்.

மனைவி இன்னும் வரவில்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருந்தார். மேற்பார்வையாளர் எழுந்து உள்ளறைக்குப் போனார். பீரோவைச் சத்தமில்லாமல் திறந்தார். பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வலது விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். நூறு, இருநூறு, முந்நூறு. ஐம்பது, இருபதுகளைத் தனியாக வைத்தார். சில்லறையை உள்ளங்கையில் கொட்டினார். ஐந்நூற்றிப் பத்து வந்தது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, விரலை நாக்கில் தொட்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.