1680 முதல் 1750 வரை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், கோப்பைகளில் ஒட்டும் பூப்படங்களை அச்சிடும் கம்பெனி அது. அங்கே புதிதாக வந்த டிரம்மைப் பற்றி ஒருவருக்கும் குறையில்லை. அச்சிடும் வலையான ஸ்கிரீனைக் கழுவும் பழைய திரவம் கண்ணை எரிக்கும், தலையைச் சுற்றவைக்கும். இந்த டிரம்மில் வந்தது பரம சாது. மங்கலம்பேட்டையிலிருந்து வரும் முபீனா, ஐந்து மாத வயிற்றோடு இதையே கேட்டு வாங்கிக் கழுவினாள்.

"வாடையே இல்லக்கா. இனிமே இதையே வரவைக்கச் சொல்லுங்க" என்று பரிசோதனை அறைக்கே வந்து செல்வநாயகியிடம் பரிந்துரை செய்தாள். கையுறை போட்டால் வழுக்குகிறதென்று அதையும் கழற்றி வைத்திருந்தாள்.

அந்த அறையில் செல்வநாயகி பார்ப்பது கணவர் தேவநாதன் பார்த்த வேலை. அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. திரவத்திலுள்ள பிணைப்புகளை வரைபடத்தில் முகடுகளாகக் காட்டும் அகச்சிவப்புக் கருவியைப் புதிதாக மாற்றியாகிவிட்டது. படிவம் மட்டும் அவர் போட்டதே. 'கார்பொனைல் முகடு 1680 முதல் 1750 வரை இருந்தால் ஏற்கலாம்.' கீழே ஜெராக்ஸில் மங்கிய அவர் கையெழுத்து. அதற்குக் கீழே தன் பெயரை எழுதும்போதெல்லாம் அவளுக்கு ஒரு ஆறுதல். அந்த ஆறுதலோடுதான் திங்கட்கிழமை இந்த டிரம்முக்கும் டிக் போட்டிருந்தாள்.

முபீனா போனபின் வரைபடத்தை மறுபடி எடுத்தாள். டிரம்மில் எழுதியிருந்தது சைக்ளோஹெக்சனோன். அதற்கு வாடை உண்டு. முகடு 1715-இல் நிற்க வேண்டும். இது 1685.

அதை மேலாளர் பழமலைநாதனிடம் கொண்டுபோனாள். அவரும் வேதியியல் படித்தவர். மறந்துவிடவில்லை என்று காட்ட அவருக்கு ஆசை. பக்கத்தில் இன்னொரு இரட்டைப் பிணைப்பு சேர்ந்தால் எலக்ட்ரான்கள் பரவி, கார்பொனைல் பிணைப்பு தளர்ந்து முகடு இறங்கும், அப்படியென்றால் இது ஐசோபோரோன், அதுவும் நம் பட்டியலில் உள்ளதுதான் என்று விளக்கினார். பாடம் சரிதான்.

"அப்படின்னா அது 1670 கிட்ட வரணும் சார். 1630 பக்கத்துல அந்த இரட்டைப் பிணைப்பே ஒரு முகடு காட்டியிருக்கணும். அது இல்ல. 1500-ல வேற ஒண்ணு நிக்குது" என்றாள் செல்வநாயகி.

தாளைத் திருப்பி வரைந்து காட்டினாள். ஆறு அணு வளையத்தை ஐந்தாகச் சுருக்கினால் இறுக்கம் கூடி, முகடு 1745-க்கு ஏறும். கார்பொனைலை ஒட்டி நைட்ரஜன் உட்கார்ந்தால், தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துப் பிணைப்பைத் தளர்த்தும். வளையமில்லாத சேர்மத்தில் அது 1650 வரை இறக்கும். இந்தத் திரவத்தில் இரண்டும் இருந்தன. வளையம் மேலே தூக்க, நைட்ரஜன் அதைவிட அதிகமாகக் கீழே இழுக்க, முகடு 1685-இல் வந்து நின்று, தேவநாதன் போட்ட எல்லைக்குள் ஐந்தே எண்ணில் நுழைந்துவிட்டது. பெயர் மெதில் பைரோலிடோன். கருவியிலிருந்த மாதிரி வரைபடத்தோடு முழுக்கப் பொருந்தியது. தோல் வழியாக உள்ளே போகும், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்று அதன் பாதுகாப்புக் குறிப்பு சொன்னது.

பழமலைநாதன் தாளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கை. படிவம் தப்பென்றால் அதை வைத்து எழுதிய பதினொரு வருட அறிக்கையும் தப்பு.

"ஒங்க வூட்டுக்காரரு போட்டதும்மா. அவரு தப்புன்னு நீங்களே கைப்பட எழுதிக் குடுப்பீங்களா?"

அவளுக்கும் அதே கேள்விதான். அவர் பெயர் இந்த ஊரில் மிச்சமிருப்பது அந்தத் தாளில் மட்டும். ஆனாலும் டிரம்மை ஏற்க முடியாதென்று நிராகரிப்பு எழுதிக் கொடுத்தாள்.

டிரம்முக்குச் சீல் வைத்தார்கள். முபீனாவை டாக்டரைப் பார்த்துவரச் சொல்லி, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நல்ல திரவத்தை நிறுத்தியதுமல்லாமல் தன்னையும் மாற்றிவிட்டார்கள் என்று அவள் இரண்டு நாள் செல்வநாயகியோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பழமலைநாதன் புதுப் படிவம் நீட்டினார். சைக்ளோஹெக்சனோனுக்கு முகடு 1710 முதல் 1720 வரை. அதோடு மாதிரி வரைபடத்துடன் முழு ஒப்பீடு. எல்லாம் அவள் சொன்னதே. தயாரித்தவர்: தேவநாதன். தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது.

"பழைய தேதின்னா ஆடிட்ல கேள்வி வராது. அவருக்கும் கௌரவம்" என்றார், பெரிய உபகாரம் செய்தவர்போல.

கணவர் எழுதாத மிகச் சரியான வரி கணவர் பெயரில் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் அவர் பெயருக்கு இனி ஒரு களங்கமும் வராது. செல்வநாயகி பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தாள். தன் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினாள்.

"அந்தப் பழைய மெஷினுல காகிதம் நகந்தா இருபது முப்பது பெசகும் சார். அதுக்குத்தான் அவரு அகலமா வச்சாரு. புது மெஷினு வந்தப்பறம் மாத்தாம, கையெழுத்து இருக்குதேன்னு வச்சிக்கிட்டிருந்தது நானு. கேட்டா அப்படியே சொல்றேன்."

தணிக்கைக்காரர் பதினொரு மணிக்கு வந்தார். பழைய தாள், புதுத் தாள், அடித்தல், நிராகரிப்பு எல்லாவற்றையும் புரட்டினார். செல்வநாயகி சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தணிக்கைக்காரர் நிமிர்ந்து, இந்தப் படிவத்தில் பக்க எண் ஏன் இல்லை என்று கேட்டார். போட்டுவிடுகிறோம் என்றதும் டிக் அடித்து, அடுத்த கோப்புக்குப் போனார்.