மாப்பிள்ளைக்கு ஒரு ஜெர்கின்

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அன்னூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புவனா போனை எடுத்துப் பார்த்தாள். ஜெர்மனியில் இருக்கும் நாத்தனார் லோகப்பிரியாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. இரண்டு நிமிஷத்துக்கும் மேல் நீளம். லோகா இத்தனை நீளமாகப் பேசினால் ஏதோ சங்கடம் என்று அர்த்தம்.

“அண்ணி, அப்பா இவருக்கு ஏதோ பிராண்டட் ஜெர்கின் வாங்கிப்போட்டாராம். திங்கக்கிழமை கூரியர்ல போடறேன்னு சொன்னாருங்க. போடறதுக்கு முன்னாடி நீங்க அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. கழுத்து லேபிள், உள்ள தச்சிருக்கற வாஷ்கேர் லேபிள், தொங்கற அட்டை, ஜிப், லோகோவோட பின்பக்கம், எல்லாம் கிட்டக்க வெச்சு எடுங்க. போன மாசம் என்ற கூட வேலை பாக்கற பொண்ணுக்கு ஊர்ல இருந்து பார்சல் வந்துச்சு. டூப்ளிகேட்டுன்னு கஸ்டம்ஸ்ல நிறுத்தி, அழிக்கறதுக்குச் சம்மதமான்னு கேட்டு அவ பேருக்கு லெட்டர் போட்டுட்டாங்க. எங்க ஊட்டுக்கு அப்பிடி லெட்டர் வந்தா இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா மாமியார் கூட இருக்காங்கல்ல. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் அண்ணி. மனசு விட்டுருவாரு.”

புவனா அதை இரண்டு முறை கேட்டாள். ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஃபைனல் செக்கிங் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். பதினோரு வருஷமாகத் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துதான் சம்பளம் வாங்குகிறாள். லோகா சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றது புவனாவுக்குப் பிடிக்கவில்லை. மாமனாரின் பெட்டியைத் திறந்து அவருக்குத் தெரியாமல் போட்டோ எடுக்க இது என்ன களவா?

அந்த ஜெர்கினைப் பற்றி வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. மாப்பிள்ளை சசிதருக்கு நாற்பது வயசு ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கென்று மாமனார் பாலுசாமி தன் கையால் தேடிப்போய் வாங்கிய முதல் பொருள் அதுதான். துடியலூர் பக்கம் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ கடையில், நார்க்வெல் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் ஒரிஜினல், அசல் விலையில் கால்வாசிக்கு. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது நாலு பங்காளிகளிடம் அதை அவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பாலுசாமி பேப்பரை மடித்து வைத்த நேரம் பார்த்து புவனா போய் நின்றாள்.

“மாமா, லோகா மெசேஜ் போட்டிருக்குதுங்க. ஜெர்கினைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுது. டூப்ளிகேட்டா இருந்தா அங்க கஸ்டம்ஸ்ல புடிச்சுக்குவாங்களாம். அதனால முதல்லயே செக் பண்ணிக்கலாம்னு. நானும் நீங்களுமே எடுத்துரலாமுங்ளா?”

சமையலறையிலிருந்து மாமியார் ராசாத்தாளின் குரல் வந்தது. “அவ அப்பன் குடுக்கறதுக்கு அவளுக்கு செக்கிங் வேறயா? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு எடுத்து அனுப்பு அம்மணி, போதும்.”

பாலுசாமி சிரித்தார். “எடுக்கட்டும் உடு. ஒரிஜினலுக்கு என்ன பயம்?” என்று உள்ளே போய்ப் பையோடு வந்தார்.

கிழக்கு ஜன்னலோரம் கட்டிலில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தாள் புவனா. பிளாஷ் போட்டால் எழுத்து மின்னும். காலை வெளிச்சமே போதும். கருநீல ஜெர்கினை அதன்மேல் கிடத்தினாள். மார்பில் நார்க்வெல்லின் மலை முத்திரை. பார்வைக்கு நல்ல ஜெர்கின்தான். முன்பக்கம், பின்பக்கம், ஜிப் என்று வரிசையாக எடுத்துக்கொண்டே போனாள்.

“அந்த அட்டைல ஸ்டைல் நம்பர்னு ஒண்ணு இருக்கும், வாசிங்க மாமா. நான் எழுதிக்கறேன்.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு ஜெர்கினை உள்பக்கமாகத் திருப்பி, இடது விலாவில் தைத்திருந்த, துணி வகையும் துவைக்கும் முறையும் அச்சிட்ட வாஷ்கேர் லேபிளை இழுத்துக் காட்டினாள். “இதுலயும் அதே நம்பர்தான் இருக்கோணும். வாசிங்க.”

அவர் வாசித்தார். பாதியில் நிறுத்தினார். அட்டையை எடுத்து லேபிளுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் வேறு வேறு. கழுத்தில் எல் சைஸ், இங்கே எம்.

“மாத்தி வெச்சுத் தச்சிருப்பானோ?” என்றார்.

“எங்க கம்பெனில அப்பிடி ஒரு பீஸ் மாறினா அந்த லாட்டையே நிறுத்திருவாங்க மாமா.”

அவர் லேபிளின் அடுத்த வரிக்குப் போயிருந்தார். நூறு சதவீதம் காட்டன்.

பாலுசாமி முப்பது வருஷம் ஜின்னிங் ஃபேக்டரி ஒன்றுக்குப் பஞ்சு தரம் பார்த்தவர். பொதியில் ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்து, இழை நீளம் இன்னதென்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று வியாபாரிகள் ஒப்புக்கொண்ட கை. அந்தக் கை இப்போது தானாகவே ஜெர்கினின் உட்புறத்தைத் தொட்டது. புசுபுசுவென்று இருந்த இடத்தில் ஒரு கிள்ளு பிய்த்து, விரல்களுக்கு நடுவே மெல்ல இழுத்தார். முகம் மாறியது.

“வழுக்குது,” என்றார். “பஞ்சுன்னா ஒரு முறுக்கு இருக்கும். இது வழுக்குது அம்மணி.”

எழுந்துபோய்த் தீப்பெட்டி கொண்டு வந்தார். அந்தக் கிள்ளை ஒரு ஊசி முனையில் குத்திப் பற்றவைத்தார். நெருப்பைக் கண்டதும் அது சுருங்கி, உருகி, கறுத்த மணியாகிக் கெட்டித்துப் போனது. பஞ்சென்றால் காகிதம் கருகும் வாசம் வந்து, ஊதினால் பறக்கும் சாம்பல் மிஞ்சியிருக்கும். இதில் பிளாஸ்டிக் நாற்றம்.

“என்னங்க கருகுது?” என்று ராசாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

பாலுசாமி கட்டிலில் உட்கார்ந்தார். “கடையில இதைத் தொட்டுப் பாத்தனா இல்லையான்னே நெனப்பில்ல. அந்த மலைப் படத்தைப் பாத்தேன். விலையைப் பாத்தேன். கையைக் கொண்டுபோயி உள்ள உடோணும்னு தோணவே இல்ல.” ஊசியை ஓரமாக வைத்தார். “நாலு பேர்கிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மணி.”

“சொன்னா என்னங்க? போட்டு அனுப்பிருங்க, யாரு பாக்கறா?” என்றாள் ராசாத்தாள்.

“கஸ்டம்ஸ்ல இருந்து லோகா பேருக்கு லெட்டர் வந்தா அவ மாமியாரு பாப்பாங்க அத்தை,” என்றாள் புவனா. பட்டென்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்தால்தான் தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாலுசாமி நிமிர்ந்தார். “சம்பந்தி ஊட்டுலயா? வேண்டவே வேண்டாம்.” எழுந்து சட்டையை மாட்டினார். “வா அம்மணி. கடை ஞாயித்துக்கிழமையும் தொறந்திருக்கும்.”

ஜெர்கின் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். கடையில் சண்டை போடுவாரோ, இல்லை வெட்கப்பட்டு வாசலோடு திரும்பிவிடுவாரோ என்று புவனாவுக்கு நிச்சயமில்லை. எது நடந்தாலும் பேச வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வண்டியை ஓட்டினாள்.

கடைக்காரர் அழகிரிசாமி வாய் நிறைய வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். “சர்ப்ளஸ் மாலுங்க அம்மணி. கம்பெனில மிஞ்சினது. ஸ்டைல் நம்பரெல்லாம் முன்னப்பின்ன இருக்கும். அதையெல்லாம் யாரு பாக்கறா?”

“நான் பாக்கறனுங்க. அதுதான் என்ற வேலை,” என்றாள் புவனா. மேஜைமேல் ஜெர்கினை உள்பக்கமாக விரித்தாள். “மிஞ்சின மாலுன்னாலும் ஒரே லாட்டு மாலுதானுங்களே? அட்டையும் லேபிளும் எப்பிடி மாறும்? லோகோ எம்பிராய்டரி பின்னால பாருங்க, அடியில வெச்சுத் தைக்கற பேப்பரைக்கூடப் பிய்க்கல, நூலு தொங்குது. இதை எங்க செக்கிங் டேபிள் உட்டிருக்காதுங்க.” ரேக்கிலிருந்து இன்னும் மூன்றை எடுத்துத் திருப்பினாள். கழுத்தில் மூன்று வேறு சைஸ், உள்ளே மூன்றிலும் அதே எம்.

துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி மெல்லப் பக்கத்தில் வந்தார்கள். அழகிரிசாமி குரலைத் தாழ்த்தினார். “மொத்தமா வாங்கறதுங்க. எனக்கென்ன தெரியும்? வேற டிசைன் எடுத்துக்கங்க.”

பாலுசாமி மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். சத்தம் போடவில்லை.

“ஏனுங்க, நீங்க தெரியாம வித்துருக்கலாம். நான் தொடாம வாங்கினேன். என்ற தப்பு பாதி. ஆனா காட்டன்னு எழுதியிருக்கறதைப் பத்தவெச்சா உருகுது. வேணும்னா இங்கயே பத்தவெச்சுக் காட்டறனுங்க. காட்டட்டுங்களா?”

அழகிரிசாமி பக்கத்தில் நின்ற தம்பதியைப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்தார். பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “வாரனுங்க” என்று கும்பிட்டுவிட்டுத்தான் பாலுசாமி படியிறங்கினார்.

வெளியே வந்ததும் அவர் முகத்தில் தெளிவு வந்திருந்தது. “அந்தக் கம்பெனிக்காரனோட சொந்தக் கடை கோயமுத்தூர்ல இருக்குதா?”

“இருக்குதுங்க. ஷாப்பிங் மாலுக்குள்ள. ஆனா விலை அதிகமுங்க மாமா.”

“அதைப் பாத்துக்கலாம். ஓட்டு.”

மாலில் நார்க்வெல் கடைக்குள் நுழைந்தவர் விற்பனைப் பெண் பேசத் தொடங்கும் முன்பே ஒரு ஜெர்கினை எடுத்து உள்பக்கமாகத் திருப்பிவிட்டார். விரல் விட்டுப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றி லேபிளை வாசித்தார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

“இதுவும் பஞ்சில்ல அம்மணி! ஆனா பாலியஸ்டர்னு சொல்லிப்போட்டே விக்கறான்.”

அட்டையிலும் லேபிளிலும் ஒரே நம்பர். கழுத்திலும் உள்ளேயும் எல். தையலைப் புவனா ஒருமுறை ஓட்டிப் பார்த்து, “பாஸ்” என்றாள், வேலையிடத்தில் சொல்வதைப் போலவே. அவர் பேரம் பேசாமல் வாங்கினார். பில்லை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை அவரே கேட்டு வாங்கினார். அதே வேட்டியை விரித்து, வெளிச்சம் மங்குவதற்குள் பதினெட்டு போட்டோ எடுத்தார். இரண்டில் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது. கடைசியில் பில். எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பிவிட்டு வாய்ஸ் மெசேஜில் பேசினார்.

“கண்ணு, முதல்ல வாங்கினது டூப்ளிகேட்டு. நான் ஏமாந்துபோட்டேன். உங்க அண்ணியும் நானும் போயித் திருப்பிக் குடுத்துட்டு, கம்பெனிக் கடையிலயே வாங்கிட்டோம். இனிமே எதுன்னாலும் எங்கிட்டயே கேளு.”

லோகா உடனே கூப்பிட்டாள். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். “உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னனே அப்பா,” என்றாள்.

“அதுதான் உங்கண்ணி என்னையக் கூப்பிட்டு ஒக்கார வெச்சுப்போட்டாளே,” என்றார் அவர்.

திங்கள்கிழமை புவனா வேலைக்குப் போகும் வழியில் இருவரும் கூரியர் ஆபீசில் இறங்கினார்கள். அங்கிருந்தவர் ஆதார் நகல் வாங்கினார், பெட்டியைத் திறந்து பார்த்தார், பில் இருக்கிறதா என்றார். பாலுசாமி ஏற்கெனவே அதை நீட்டிக்கொண்டிருந்தார். படிவத்தில் விலையைக் குறைத்துப் போடலாமா என்று பக்கத்து வரிசையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாலுசாமி உள்ளதை உள்ளபடி எழுதினார்.

ஒன்பதாம் நாள் பார்சல் போய்ச் சேர்ந்தது. அன்பளிப்புக்கு அங்கே அனுமதித்த மதிப்பைத் தாண்டியிருந்ததால் லோகா வாசலில் வரி கட்டித்தான் வாங்கினாளாம். அன்று சாயங்காலம் சசிதர் வீடியோவில் வந்தார். ஜெர்கின் போட்டிருந்தார். அவர் அம்மா பின்னாலிருந்து, “நல்லா இருக்குதுங்க சம்பந்தி, கை வெச்சாலே தெரியுது” என்றார்.

பாலுசாமி தோளை நிமிர்த்திக்கொண்டார். “கழட்டி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க மாப்ளே,” என்றார்.