சம்மதம் இல்ல அஞ்சு நாள்

அரிமளத்தில் முருகப்பனின் பைப் கடையில் பில் போடுவது கார்த்திகாவின் வேலை. முதலாளி போனில் பேசிப் பதிவுசெய்வதை ஒழுங்கான மெயிலாக்குவதும் அவள் தலையில் விழுந்தது. அன்று, ஊரிலுள்ள பூர்வீக வீட்டில் பங்குள்ள பங்காளிகள் ஆறு பேருக்கு அனுப்ப வேண்டியது இப்படி வந்தது:

"அண்ணே வணக்கம் வந்து சூட்டிங் ஆளுங்க அதாவது நம்ம பெரிய வீட்ட பதினஞ்சு நாளைக்கு கேக்குறாங்க பங்களா எல்லாம் என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்கு சம்மதம் இல்ல அஞ்சு நாளுன்னா அது வந்து செவுத்துல ஆணி அடிப்பாங்க பாத்துக்கங்க"

'பங்களா' என்பது 'பங்காளிகள்' என்று உடனே பிடிபட்டது. 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் அடித்தாள். 'சம்மதம் இல்ல' என்ற இடத்தில் கை நின்றது. பேச்சை எழுத்தாக்கிய போன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

"ஐயா, 'சம்மதம் இல்ல'ன்னு முடியுதா? இல்ல 'சம்மதம்'னு நிறுத்திட்டு, 'இல்ல, அஞ்சு நாளுன்னா'ன்னு தொடங்குதுங்களா?"

முருகப்பன் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எது வாசிக்க நல்லாருக்கோ அப்படிப் போடு ஆத்தா. நான் போய்ட்டு வாரேன்."

ஆணியைப் பற்றிக் கவலைப்படுகிறாரே, மறுப்புதான் என்று தீர்மானித்தாள். 'பதினைந்து நாட்களுக்கு எனக்குச் சம்மதம் இல்லை. சுவரில் ஆணி அடிப்பார்கள் என்பது என் கவலை. ஐந்து நாட்கள் என்றால் யோசிக்கலாம். உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.' போனில் வாசித்துக் காட்டினாள். மேளச் சத்தத்துக்கு நடுவே, "சரி, அனுப்பு" என்றார்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து பெரியவர் விஸ்வநாதன் கூப்பிட்டார். "முருகா, முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு முடிவாச் சொல்லியிருக்கே. எனக்கும் சம்மதம் இல்ல." மற்ற ஐந்து பங்காளிகளும் மதியத்துக்குள் அதையே எழுதினார்கள். இதுவரை எந்த விஷயத்திலும் அவர்கள் ஒத்துப்போனதில்லை.

முருகப்பனின் முகம் சுருங்கியது. சூட்டிங் மேனேஜரிடம் முந்தாநாளே "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அவர் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை விளக்கு வேன் வருமென்று சொல்லிவிட்டார்.

"ஐயா, நெசமா நீங்க என்னதான் நெனச்சீங்க?"

"ரெண்டுந்தான்" என்றார் முருகப்பன்.

வேறு வழியின்றி, வீடு தர முடியாது என்று மேனேஜரிடம் உண்மையைச் சொன்னார். அவர் வருத்தப்படவில்லை. இப்படித் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு என்று பாராட்டிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை விஸ்வநாதனிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. ஓடு மாற்றுவதா, கிணற்றை மூடுவதா, வாடகைக்கு விடுவதா, இனி எல்லாம் முருகப்பன் முடிவுப்படியே நடக்கட்டுமாம். ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்களாம்.

கார்த்திகா அதை வாசித்துவிட்டு, "பதில் என்ன போடட்டுங்க?" என்றாள்.

வாசலில் பைப் லாரி வந்து நின்றது. இறக்க மூன்று ஆட்கள் இருந்தும், முருகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே போய் நின்றார். கடை சாத்தும்வரை உள்ளே வரவில்லை.