இருபத்திரண்டு நொடி கிளிப்

அந்த வீட்டில் வீடியோ எடுப்பவர் ஒருவர், அதற்குப் பெயர் வைப்பவர் ஒருவர். எடுப்பவரைத் தெருவே ட்ரோன்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெயர் வைப்பது அவர் மனைவி. பாலத்துக்கு மேல் ட்ரோன் பறந்தால் 'பாலம், ஆறு, போக்குவரத்து'. போனில் காபிக் கோப்பையை எடுத்தால் 'காலை, ஆவி, அமைதி'. ஒரு கிளிப்புக்கு இப்படி நாற்பது ஆங்கிலச் சொற்களைத் தட்டிப் போட்டால்தான் எங்கேயோ உட்கார்ந்து தேடுகிற விளம்பரக் கம்பெனிக்காரன் கண்ணில் அது படும். எடுத்துவைத்த வீடியோக்களை விற்றுத்தரும் வெளிநாட்டு ஸ்டாக் வீடியோ தளம் ஒன்றில் அவர்களுடைய ஆயிரத்து நானூறு கிளிப்புகள் இருந்தன. வீட்டு வாடகையை அவைதான் கட்டின.

தளத்துக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 4K தரத்தில் கேட்பார்கள். குறைந்த தரத்தில் எடுத்ததை இழுத்துப் பெரிதாக்கி அனுப்பினால் கண்டுபிடித்துத் திருப்பியடிப்பார்கள். ஓரத்தில் ஒரு கடைப் பலகை தெரிந்தாலும் போச்சு. மனித முகம் அடையாளம் தெரிகிறமாதிரி இருந்தால் அந்த ஆள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு. அது இல்லாவிட்டால் செய்திக்கு மட்டும்தான் விற்கலாம், விளம்பரத்துக்குக் கூடாது. விளம்பரத்தில்தானே காசு! அதனால் தன் கையை, முதுகை, குடை பிடித்த உருவத்தைப் படம்பிடிக்க வசதியாக அவள் இருபது வெற்றுப் படிவங்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். புருஷன்தானே என்ற நம்பிக்கை.

அன்று காலை பதினொரு மணிக்கு அண்ணி ஒரு வீடியோ அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி. "இது மாமாதானே?"

முதியோர் விடுதி ஒன்றின் விளம்பரம் அது. ஜன்னல் வெளிச்சத்தில் நடுங்கும் விரல்கள் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கப் பார்க்கின்றன, முடியவில்லை. கேமரா மெல்ல மேலே ஏறுகிறது. அப்பா. வாய் கோணி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறார். அவர் முகத்துக்கு மேலேயே எழுத்து வருகிறது: 'வீட்டில் இனி சுமை வேண்டாம்.' மூலையில் எறும்பு அளவில் இன்னொன்று: 'படத்தில் இருப்பவர் மாடல்.'

மாடலாம். பக்கவாதம் வந்து வலது கை பாதி விழுந்து, எட்டு மாதமாக இந்த வீட்டு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதர். கைதான் போயிற்றே ஒழிய புத்தி கத்திமாதிரி இருந்தது.

அவள் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கிளிப்பைத் தேடிப் பிடித்தாள். காசு கொடுத்து அழைத்துவந்து பூங்காவில் எடுத்த தாத்தாக்களின் கிளிப்புகளோடு அதைச் சொருகி வைத்திருந்தார் ட்ரோன்காரர். முகப்பில் காட்டும் சிறு படத்தில் விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. முகம் பத்தாவது நொடியில்தான் வரும். கீழே நாற்பது சொற்கள். ஒரே வகைக் கிளிப்புகள் என்று ஒருதடவை தட்டி எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டிருந்தாள். முதுமை, தனிமை, இயலாமை, கைவிடப்பட்டவர், சுமை.

சுமை. அந்தச் சொல் அவள் போட்டது. பெற்ற அப்பாவின் விரலை அடையாளம் தெரியாமல், அதன் தலையில் தானே எழுதியிருக்கிறாள். எழுந்துபோய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியும் பிடிக்கவில்லை.

ட்ரோன்காரர் மொட்டைமாடியில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அவள் போனை நீட்டினாள். பார்த்தார். முகம் சுருங்கவில்லை, அதுதான் கொடுமை.

"பரவாயில்லையே, பெரிய கம்பெனிதான் எடுத்திருக்கான்."

"எப்ப எடுத்தீங்க இதை?"

"டாக்டர்கிட்ட போன அன்னிக்கு. நமக்காகத்தான் எடுத்தேன், ஞாபகத்துக்கு. அப்புறம் பாத்தா லைட்டு அவ்ளோ நல்லா விழுந்திருந்துச்சு. மொத்தம் பதினேழு டவுன்லோடு. ரெண்டு பேர் தனியா வாங்கினாங்க, அறுபது டாலருக்கு நம்ம பங்கு பதினெட்டு. மிச்சமெல்லாம் மாசச் சந்தா கட்டி எடுக்கறவன், ஒருத்தன்கிட்ட ஒரு டாலர்கூட தேறாது."

"இந்த விளம்பரக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

அவர் போனில் தேடிச் சொன்னார். "சந்தாதான். அறுபத்திரண்டு சென்ட்."

ஒரு பொத்தானைப் போட்டுவிட ஐந்து நொடி போதும். இந்த மனுஷன் இருபத்திரண்டு நொடி நின்று எடுத்திருக்கிறார், கை ஆடாமல்.

"அப்பா எங்க கையெழுத்து போட்டாரு?"

"அவரால எப்படிப் போட முடியும்? பாதுகாவலர்னு ஒரு கட்டம் இருக்குல்ல. நீ கையெழுத்து போட்ட படிவம் சும்மாதானே கிடந்துச்சு."

உலகத்தின் கண்ணுக்கு, அப்பாவின் அழுகையை விற்றது மகள். கீழே அவள் கையெழுத்து, சாட்சிக்கு அவர் தம்பியின் கையெழுத்து.

"த்தூ" என்றாள். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை.

கிளிப்பை நீக்கிவிடுவது சுலபம், ஒரு பொத்தான்தான். ஆனால் ஏற்கெனவே வாங்கிய பதினேழு பேரும் காலத்துக்கும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தளத்துக்கு எழுதிக் கேட்டாள். மறுநாள் பதில் வந்தது: ஒப்புதலே செல்லாது என்றால்தான் வாங்கியவர்களுக்கு நிறுத்தச் சொல்லி எழுதுவோம், அதற்குப் படத்தில் இருப்பவரே கையெழுத்திட்ட மறுப்புக் கடிதம் வேண்டும். பொய்ப் படிவம் என்று உறுதியானால் கணக்கு மூடப்படும்.

"ஆயிரத்து நானூறு கிளிப்பும் போயிடும்" என்று ட்ரோன்காரர் பின்னாலேயே நடந்தார். "ஆறு வருஷ உழைப்பு. மாமாகிட்ட வேணும்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நாலு நாள்ல அந்த விளம்பரத்தை எல்லாரும் மறந்துடுவாங்க. வாடகைக்கு என்ன பண்ணுவ?"

"ஏதாவது பண்ணுவேன்" என்றாள்.

அவள் பயந்ததெல்லாம் அப்பாவிடம் சொல்வதற்குத்தான். ஒளிக்காமல் சொன்னாள், சொற்களைப் போட்டது தான் என்பது உட்பட. விளம்பரத்தைக் காட்டச் சொன்னார். காட்டினாள். கடைசிவரை பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு இவர் எதிர்ல நிக்கறது தெரியும்மா. பொத்தானைப் போட்டுவிட வர்றாருன்னு நெனச்சேன்."

மறுப்புக் கடிதத்தை எழுதி, அட்டையோடு அவர் மடியில் வைத்தாள். இடது கையால் கைநாட்டு வைத்தால் போதும் என்றாள். அப்பா கேட்கவில்லை. நாற்பது வருடம் ஆபீசில் கையெழுத்துப் போட்ட மனிதர். வலது கையில்தான் போடுவேன் என்றார்.

பேனாவைப் பிடிக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பேனா நழுவியது, மறுபடி பிடித்தார். முதலெழுத்து நடுங்கி நடுங்கி இறங்கியது. நெற்றியில் வேர்வை. ஜன்னல் வெயில் காகிதத்திலும் அவர் பாதிமுகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. அவள் அட்டை நழுவாமல் பிடித்திருந்தாள்.

வாசற்கதவருகே ஏதோ அசைந்தது. திரும்பினாள். அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்த ட்ரோன்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார். இரண்டு கையாலும் போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஆடாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவள் பார்ப்பதைக் கண்டதும் திடுக்கிட்டார். "இல்ல... சும்மா. நமக்காகத்தான்."

அப்பா கடைசி எழுத்தை முடித்துப் புள்ளி வைத்தார். பிறகு தலையைத் தூக்கி மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுக்கும் அழணுமா?"