கறுப்புக்குள் அலிமா

"ஹம்னா, உம்மா குரல் கேக்குது. ஆளக் காணோம்."

சவூதியில் தம்மாமிலிருந்து ஹம்தான் அண்ணன் போனில் இதைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. கல்யாண வீடியோ வாங்கியவர்கள் குறை சொல்வது எனக்குப் புதிதல்ல. பிரியாணி ஏன் ஆறிப்போய்த் தெரிகிறது என்றுகூட ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆனால் அண்ணன் குறை சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

அவருடைய கடைசித் தங்கை சனோபரின் நிக்காஹ் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணம் முடிந்த சில நாளில் அவருடைய உம்மா அலிமா மவுத்தாகிவிட்டாள். நெஞ்சுவலி என்று அவருக்குச் சொன்னார்கள். அடக்கத்துக்கும் அவரால் வர முடியவில்லை. உம்மாவின் கடைசிப் படம் அந்த வீடியோவில்தான் இருக்க வேண்டும் என்று காத்திருந்து, அது கைக்கு வந்ததும் பார்த்திருக்கிறார்.

"பொம்பளைங்க பக்கம் காட்டுத இடத்துல, மூலையில வெறும் கறுப்பு. அதுக்குள்ள இருந்து உம்மா கேக்கா, 'ஹம்தான் வந்துட்டானா?'ன்னு. நேத்துல இருந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கேன். எனக்குப் பயமா இருக்கு, ஹம்னா. உம்மா முகத்தை மட்டும் எடுத்துத் தா."

எங்கள் பக்கம் பெண்கள் பகுதியைப் பெண்தான் படம்பிடிக்க வேண்டும். வடகரையிலிருந்து தென்காசி வரை அந்த வேலைக்கு நான்தான் ஆள். ஆண்கள் பக்கமும் மேடையும் ஸ்டுடியோக்காரர் கேமராவில் வரும். இரண்டையும் சேர்த்து வீட்டாருக்கு மட்டும் ஒரு படம் தொகுத்துக் கொடுப்பேன்.

தென்காசியில் மாடியில் இருக்கும் என் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான், மழையில் கரண்டு போய் ஜெனரேட்டரில் மேடை விளக்கு மட்டும் எரிந்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நான் மணப்பெண்ணின் முக்காட்டுக்கு ஊசி குத்தப் போயிருந்தேன். அதனால் மூலை கறுப்பாக இருந்தது எனக்கு இயல்பாகவே பட்டது.

ஹெட்போனைப் போட்டேன். அருவி இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல். பிறகு மிக அருகில், என் காதுக்குள்ளேயே வாய் வைத்ததுபோல, "ஹம்தான் வந்துட்டானா?" திரையில் யாருமில்லை. மவுத்தானவள் குரல் ஆளில்லாத இருட்டிலிருந்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? எழுந்து போய்க் கதவை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தொகுத்து எக்ஸ்போர்ட் செய்து அண்ணனுக்கு அனுப்பிய படத்தில் அந்த மூலையை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். கறுப்பு வெளுத்துச் சாம்பலானதே தவிர, உள்ளே ஒன்றுமில்லை. அப்போதுதான் மணப்பெண்ணின் வெள்ளை முக்காடு கண்ணில் பட்டது. நான் குத்திய ஊசியும் சரிகைப் பூவும் தெரியாமல், அது வெறும் காகிதமாக இருந்தது. இருட்டுதான் காரணமென்றால் கறுப்பு மட்டுமல்லவா போக வேண்டும், வெள்ளை ஏன் போனது?

கறுப்பு, வெள்ளை இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தால் அது லெவல் கோளாறு, வெளிச்ச அளவில் வரும் பிசகு. வீடியோவில் வெளிச்சத்தை அளக்க இரண்டு கணக்கு உண்டு. முழு அளவில் கறுப்பு பூஜ்யத்தில் தொடங்கி, வெள்ளை இருநூற்று ஐம்பத்தைந்தில் முடியும். குறுகிய அளவில் பதினாறுதான் கறுப்பு, இருநூற்று முப்பத்தைந்துதான் வெள்ளை. ஸ்டுடியோ கேமரா குறுகிய அளவில் எழுதும். என் பழைய கேமராவும் அப்படியே. அந்தப் பழக்கத்தில் எல்லாக் கிளிப்பையும் மொத்தமாகத் தேர்ந்து, குறுகிய அளவு என்று போட்டுவிடுவேன். இந்தக் கல்யாணத்துக்கு நான் கொண்டுபோனது புதுக் கேமரா. அது முழு அளவில் எழுதுகிறது. பதினாறுக்குக் கீழே அது எழுதிவைத்த அத்தனை நிழலையும் மென்பொருள் ஒரே கறுப்பாக மிதித்துவிட்டது; இருநூற்று முப்பத்தைந்துக்கு மேலே இருந்த வெள்ளைக்கும் அதே கதி. எக்ஸ்போர்ட்டில் போனது போனதுதான். ஆனால் கேமராவில் எடுத்த ஒரிஜினல் பத்திரமாக இருந்தது.

அவசரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக முழு அளவுக்கு மாற்றினேன். மேடை முழுக்கப் பனி மூடியதுபோல் வெளிறிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் சாம்பல் பூசிக்கொண்டு நின்றார்கள். பழக்கம் எங்கே போகும்! ஸ்டுடியோக் கிளிப்புகளை மட்டும் குறுகிய அளவுக்குத் திருப்பிவிட்டு, என் கிளிப்புக்கு வந்தேன்.

கறுப்புக்குள்ளிருந்து அலிமா வந்தாள்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புழுக்கத்துக்கு முக்காடு தோளில் கிடந்தது. தலையில் ஒரு முடி இல்லை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அவளுக்குப் புற்றுநோய் என்பது ஊருக்கே தெரியும், ஹம்தானைத் தவிர. பக்கத்தில் மூத்த மகள் சஃப்ரின் குனிந்து நின்றாள். அலிமா கேட்டாள். சஃப்ரின் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அலிமா வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வெற்றுத் தலையோடு இருப்பவளின் படத்தை வீட்டாரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. அக்கா முறையில் ராத்தா என்று நான் கூப்பிடும் சஃப்ரினை வரச்சொன்னேன். அவள் மதிய பஸ்ஸில் வந்தாள். நனைந்த புர்காவோடு நின்றபடியே பார்த்தாள்.

"அந்தக் கறுப்பையே விட்டுரு, ஹம்னா."

"அண்ணன் பயந்துபோய்க் கெடக்காரு, ராத்தா. குரல் மட்டும் கேக்குதாம்."

"சொல்லக் கூடாதுன்னு உம்மா சத்தியம் வாங்கிட்டா. எம்புள்ள வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான்னு. போன் கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிச் சொல்லியே வீடியோ கால்ல பேசாம இருந்தோம். இப்ப இந்தத் தலையப் பாத்தா அவன் என்ன ஆவான்?"

"இருட்டுக்குள்ள இருந்து கூப்பிடுத உம்மாவோட எத்தன நாளைக்கு இருப்பாரு?"

என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிற்று. என் வாய்க்கு எப்போதும் பூட்டு கிடையாது. அவள், உம்மாவின் சிரிப்பு உறைந்து கிடந்த திரையைக் கையால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"அனுப்பு. ஏசுனா ஏசட்டும். உம்மா முகம் அவனுக்கும் உள்ளதுதானே" என்றாள்.

அந்தத் துண்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, வெளியே வந்த ஃபைலையும் திறந்து நிழல்களைச் சரிபார்த்து அனுப்பினேன். இரண்டு பேரும் போனை மேசையில் வைத்துக் காத்திருந்தோம். டீ ஆறி ஆடை படிந்தது. அண்ணன் அழைத்தார். ராத்தாவும் பக்கத்தில் இருப்பதைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சஃப்ரினு."

"சொல்லுண்ணே."

"முடி எப்ப போச்சு?"

"நோம்புக்கு முன்னாடியே."

அவர் ஏசுவார் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நானும்தான்.

"தலையாட்டுனது நீதானே? நான் வந்துட்டேன்னு?"

"ஆமாண்ணே."

"உம்மா வாசலப் பாத்துச் சிரிச்சா. அதோட படம் முடிஞ்சிட்டு. பொறவு நான் உள்ள வரலியே, சஃப்ரினு. எப்ப வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தா?"

சஃப்ரின் என்னைப் பார்த்தாள். அங்கே நான் செய்ய ஒன்றுமில்லை. அவள் போனை இரண்டு கையாலும் எடுத்து, வாயருகே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மவுத்தாவுற வரைக்கும்."