உறுதி என்ற ஒரு சொல்

நான்காவது நாளும் கம்பெனி செயலியில் 'பரிசீலனையில்' என்றுதான் இருந்தது. அம்பத்தூரில் ரயில் ஏறியதிலிருந்து ராஜகுமாரி அதை ஆறு தடவை திறந்து பார்த்துவிட்டாள். திருமுல்லைவாயில் வந்தது. ஏழாவது தடவையும் பார்த்தாள்.

ஆயுள் காப்பீட்டு முகவராகி அவளுக்குப் பதினோரு வருடம். கணவர் ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பாலிசி விற்பது பெரும்பாலும் அந்தக் குவார்ட்டர்ஸ் வாசல்களில்தான். ஆனால் இந்த ஆண்டு எல்லோரும் போனைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கம்பெனி ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய போஸ்டர் ஒன்று இருந்தது. அதை எதுவும் மாற்றாமல் பகிர்ந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் விதி. ஆனால் அதில் அவள் முகம் இல்லை. கீழே மூன்று வரி பொடி எழுத்து வேறு. அவள் அந்த வரிகளை வெட்டிவிட்டு, தன் படத்தையும் போன் நம்பரையும் வைத்தாள். 'போனஸுடன் கூடிய சேமிப்பு' என்பதை எடுத்துவிட்டு, 'உறுதியான 8% வருமானம்' என்று எழுதினாள். மாற்றினால் மறுபடி ஒப்புதல் வேண்டும் என்பதால் கிளை மேலாளருக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து தலைமை அலுவலகத்தின் விதிமுறைப் பிரிவுக்குப் போயிருந்தது. அங்கேதான் நின்றது.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் தினேஷ் பைக்கில் சாய்ந்து நின்றான். வேறொரு கம்பெனி முகவர்.

"இன்னாக்கா, இன்னும் அப்ரூவலுக்கு வெயிட் பண்ணிகினு கீறியா? நான் காலையில போட்டேன், மதியம் ரெண்டு கால் வந்துச்சு. யாரு பாக்கப் போறாங்க?"

"உனக்கு பயமே இல்லையாடா?"

"பயந்தா ஊட்ல குந்திக்க வேண்டியதுதான்."

அவள் சிரித்துக்கொண்டே ஆட்டோ ஏறினாள். வீட்டுக்குள் நுழையும் முன்பே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டாள். எப்படியும் நாளைக்கு ஒப்புதல் வந்துவிடும், ஒருநாள் முன்னாடி போட்டால் என்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் லட்சுமணன் கூப்பிட்டார். அதே தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாபிராமில் புது ஃப்ளாட். "எட்டு சதவீதம் உறுதின்னு போட்டிருக்கியேம்மா, எனக்கு ஒண்ணு போடு." அவள் போனாள். எவ்வளவு கிடைக்கலாம் என்று காட்டும் விளக்கப் பட்டியலில் நான்கு சதவீதத்துக்கு ஒரு கணக்கும் எட்டு சதவீதத்துக்கு ஒரு கணக்கும் இருந்தன. அவர் படிக்காமலே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். படியுங்கள் அண்ணா என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவர் மனைவி சரசா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாப் பாத்தீங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பாலிசி ஆவணம் அவருக்கு மெயிலில் வந்து ஐந்தாம் நாள், விதிமுறைப் பிரிவின் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணங்கள்: இது லாபத்தில் பங்காகப் போனஸ் தரும் திட்டம், எட்டு சதவீதம் என்பது கம்பெனியின் முதலீடு அவ்வளவு ஈட்டினால் என்ற ஊகக் கணக்கு, உறுதியல்ல. கம்பெனியின் முழுப் பெயர், பதிவு எண், திட்டத்தின் அடையாள எண் இல்லை. விற்பனைக்கு முன் ஆபத்து அம்சங்களையும் நிபந்தனைகளையும் படிக்கச் சொல்லும் வாசகம் நீக்கப்பட்டுள்ளது. 'ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது' என்று கடைசி வரி.

அவள் உடனே பதிவை அழித்தாள். ஆனால் போஸ்டர் இரண்டு அடுக்குமாடிக் குழுக்களில் யார் யாரோ அனுப்பிச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அம்பத்தூர் கிளையில் வீரராகவன் கதவைச் சாத்தச் சொன்னார். மேலாளர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

"அழிச்சிட்டீங்கல்ல? அதோட விட்டுடுங்க மேடம். லட்சுமணன் விளக்கப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டிருக்காரு. பேப்பர் சுத்தம்."

"பேப்பர் சுத்தம்தான் சார். அவர் வாங்கினது பேப்பரைப் பாத்து இல்ல. என் போஸ்டரைப் பாத்து."

"அதைக் கிளறினா முதல்ல உங்க பேர்தான் வரும். லைசன்ஸ் வரைக்கும் போகலாம்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். படியில் நின்று தண்ணீர் குடித்தாள். மறுபடி உள்ளே போகலாமா என்று திரும்பினாள், போகவில்லை. பட்டாபிராம் வரை போக அவளுக்கு மூன்று ரயில் தேவைப்பட்டது. முதல் இரண்டையும் ஏறாமல் விட்டுவிட்டாள்.

லட்சுமணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, நான் போட்ட பதிவுல தப்பு இருக்கு. உறுதின்னு எழுதினது நான்தான், கம்பெனி இல்ல. ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடியே போட்டேன். போனஸ் வருஷத்துக்கு வருஷம் மாறும். எட்டு சதவீதம்ங்கிறது ஒரு கணக்கு. கைக்கு வர்றது அதைவிடக் குறைவாத்தான் இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா உன் வீட்டுக்காரனோட ஒரே ஷெட்ல வேலை செஞ்சவன்மா நான்."

"தெரியும்ணா."

"அதான் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்."

அது அவளை வேறெந்தத் திட்டையும்விட அதிகமாகச் சுட்டது. பாலிசி கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அந்த நாட்களின் காப்புக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள் என்று சொன்னாள். இன்னும் இருபத்துநான்கு நாள் இருந்தது. விளக்கப் பட்டியலை மேஜையில் விரித்து, இரண்டு கணக்கையும் வரி வரியாக வாசித்தாள். இந்தமுறை சரசா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"திருப்பிக் கொடுத்துடலாம்ங்க" என்றாள் சரசா. பிறகு ராஜகுமாரியைப் பார்த்து, "நீ வராமயே இருந்திருக்கலாமேம்மா. தெரியாமலே போயிருப்போம்" என்றாள். அது பாராட்டா குத்தலா என்று ராஜகுமாரிக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலையே, நடந்த எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வீரராகவனுக்கு அனுப்பி, ஒரு பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினாள். வீரராகவன் பதில் போடவில்லை. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, மூன்று மாதத்துக்குச் சொந்தமாக எந்தப் பதிவும் தயாரிக்கக் கூடாது, ஒரு பயிற்சி வகுப்பு. திருத்த அறிவிப்பு ஒன்று மட்டும், ஒப்புதல் பெற்று வெளியிடலாம்.

அந்தத் திருத்தமும் அதே வழியில்தான் போக வேண்டியிருந்தது. அவள் எழுதினாள்: 'நான் பகிர்ந்த படத்தில் உறுதியான வருமானம் என்று இருந்தது தவறு. போனஸ் உறுதியானது அல்ல. யாரும் பயப்பட வேண்டாம்.' மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கம்பெனிப் பெயரும் எண்களும் வாசகமும் சேர்க்க வேண்டும். 'யாரும் பயப்பட வேண்டாம்' என்ற வரி நீக்கப்பட வேண்டும், அப்படி உறுதி சொல்ல முகவருக்கு இடமில்லை. அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அந்த வரியை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒப்புதல் எண்ணோடு வந்தது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போட்டாள். எந்தக் குழுக்களில் பழைய போஸ்டர் சுற்றியதோ அங்கெல்லாம் அனுப்பினாள்.

தினேஷ் கூப்பிட்டான். "அக்கா, இன்னா இது? உனக்கு நீயே வேட்டு வெச்சிகினியா?"

"ஆமாடா."

"ஆள் யாராச்சும் கூப்டாங்களா?"

"நாலு பேர். நாலு பேரும் திட்டத்தான் கூப்பிட்டாங்க."

பைக் அணையும் சத்தம் கேட்டது. பிறகு, "என் போஸ்டரை ஒருதபா பாத்துச் சொல்றியாக்கா?" என்றான். அவள் அனுப்பச் சொன்னாள். படம் திறந்ததும், எல்லாவற்றுக்கும் முன்னால் அடியில் பொடி எழுத்து இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள்.

இல்லை.