எட்டு இடம் மேலே, மூன்று மதிப்பெண் கீழே

பத்திரிகை சுதந்திரப் பட்டியலில் நாடு எட்டு இடம் முன்னேறியிருந்தது. செய்தி ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. 'எட்டுப் படி ஏறினோம்!' என்று தானே தலைப்புப் போட்டார். கூடவே, நிருபர் எழுதியிருந்ததில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டார். நூற்றுக்கு நாற்பத்தாறாக இருந்த மதிப்பெண் நாற்பத்துமூன்றாகக் குறைந்துவிட்டது என்ற வாக்கியம்.

செய்தியே அதுதான். தன் பெயரில் இப்படி அரைகுறையாக வந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு வெளியே போவது? நிருபர் முகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனாள்.

"சார், நம்ம மார்க் குறைஞ்சிருக்கு. மத்தவங்க நம்மளவிட மோசமா சறுக்கினதால நாம மேல தெரியறோம். வகுப்புல பாதிப் பேர் ஃபெயிலானா யாருக்குத்தான் ரேங்க் ஏறாது?"

மனிதர் நல்லவர்தான். கேட்டால் லீவு தருவார், கேட்காமலே டீ வாங்கித் தருவார். அரசின் செய்தித் துறை அமைச்சகம் என்றால் மட்டும் அவருக்குப் பயம்.

"மார்க் யாரும்மா போடறா? நிருபர், வக்கீல், ஆராய்ச்சியாளர்னு முகம் தெரியாத கொஞ்சம் பேர். சட்டம் எப்படி, அரசியல் எப்படி, பணம், சமூகம், பாதுகாப்பு எப்படின்னு பட்டியல் போடறவங்க அவங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பறாங்க. இவங்க மனசுல பட்டத டிக் பண்றாங்க. கொலை, கைதுன்னு நடந்ததையும் எண்ணிச் சேர்த்துக்கறாங்க. டிக் போடற ஆள் மாறினா மூணு மார்க்கும் மாறிடும்!"

அதில் நியாயம் இருந்தது. அந்தக் குறையை அவளே செய்தியில் எழுதியிருந்தாள். அதை அவர் வெட்டவில்லை.

"அப்ப அந்த எட்டு இடமும் அதே மார்க்ல வந்ததுதானே சார்? அத மட்டும் எப்படி நம்பறீங்க?"

ஆசிரியர் டீயை உறிஞ்சினார். டம்ளர் எப்போதோ காலி.

"இங்க யாரும்மா நம்மளத் தடுக்கறா? 'வெளியார் அழுத்தத்தால் ஆசிரியர்கள் செய்தியைக் கைவிடுகிறார்களா?' இல்லவே இல்லை!"

அவள் திகைத்தாள். கேள்வித்தாளில் இருந்த கேள்வி, எழுத்து மாறாமல். அவளுக்கும் அது வந்திருந்தது. வெளியே மூச்சு விடக்கூடாது என்ற உத்தரவோடு.

"சார், நீங்களுமா?"

"நீங்களுமான்னா... நீயுமா?" இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீ என்ன போட்ட?"

"'எப்பவாவது'ன்னு. உங்க மேல இருக்கற பாசத்துல." அவள் சிரிப்பை நிறுத்தினாள். "இப்ப எந்த போனும் வரல சார். நீங்களாவே வெட்டிட்டீங்க. யாரும் அடி வாங்கல, யாரும் ஜெயிலுக்குப் போகல. இத எப்படி எண்ணுவாங்க? நாமதான் சொல்லணும். நாமளே பொய் சொல்லிட்டோம்."

ஆசிரியருக்குச் சுருக்கென்றது. கணினிப் பக்கம் திரும்பினார். வெட்டியதை ஒட்டினார். தலைப்பை அழித்து, 'இடம் ஏறியது, மதிப்பெண் இறங்கியது' என்று மாற்றி, இணையதளத்தில் ஏற்றினார்.

அரை மணி நேரத்தில் மேசைத் தொலைபேசி அலறியது. அமைச்சகம்தான்.

"ஆமாங்க, நான்தான் போட்டேன்." எழுந்து நின்றுவிட்டார். "இல்லைங்க. எடுக்க முடியாதுங்க."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"இத எண்ணுவாங்கல்ல?"